ஆய்வுரைத் தலைப்பு அளிக்கும் வாக்கு: பொம்பரிப்புத் தாழிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு

ஆய்வு மாநாடு ஒன்றின் நிகழ்ச்சி நிரலைக் கையில் எடுப்பவர் முதலிற் காண்பது தலைப்புக்களையே. அவற்றுள் ஒன்று அவரை ஈர்க்குமாயின் சுருக்கத்தைப் படிப்பார். சுருக்கமும் பொருந்துமாயின் அந்த அரங்கிற்குச் செல்வார். அதே வேளையில் அடுத்த அரங்கில் நிகழும் வேறோர் உரையை இழக்கவும் உடன்படுவார். எனவே தலைப்பையும் சுருக்கத்தையும் உரைக்கு முன்னே அனுப்பப்படும் ஒரு வாக்குறுதி எனக் கொள்ளுதல் தகும். இவ்வாக்குறுதி எவ்வாறு மீறப்படுகின்றது, மீறப்படுவதை உரை நிகழ்வதற்கு முன்னரே அறிய வழி உண்டா என்பனவே இக்கட்டுரையின் பொருள். இதனைப் பொதுவிற் பேசுவதிற் பயன் இல்லை. புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் உள்ள பொம்பரிப்பு என்னும் ஈமத்தலத்தைப் பற்றிய உரையொன்றை எடுத்துக்கொண்டு நோக்குவோம். தலைப்பு சான்றை மிஞ்சிச் செல்லும் ஆபத்து அங்கு மிகுதி என்பதே அதனைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம்.

பொம்பரிப்பு புத்தளம் நகருக்கு வடக்கே, கலா ஓயாவைக் கடந்து, இன்று வில்பத்துத் தேசியப் பூங்காவினுள் அமைந்துள்ளது. 1920களில் ஏ. எம். ஹோகார்ட் தொல்பொருள் ஆணையாளராக இருந்த காலத்தில் இத்தாழிக்காடு ஆய்வாளர் கவனத்திற்கு வந்தது. 1950களில் மீண்டும் அகழப்பட்டது. 1970இல் விமலா பெக்லி அகழ்வொன்றை நடத்தினார். நிலத்திற் புதைக்கப்பட்ட பெருந்தாழிகள், அவற்றினுள் மனித எலும்புகள், கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்கள், சிறிதளவு உலோகப் பொருள்கள், மணிகள் என்பன இங்கு வெளிப்பட்டன. மன்னார்க் குடாவின் மறுகரையில், தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரிலும் இத்தகைய முதுமக்கட் தாழிகள் உள்ளமை யாவரும் அறிந்ததே. அங்கு 1876இல் ஜாகோரும், அந்நூற்றாண்டின் இறுதியிலிருந்து அலெக்சாந்தர் ரேயும் தோண்டினர். ரே தாம் கண்டவற்றை 1915இற் பட்டியல் நூலாக வெளியிட்டார்.

இவ்விரு தலங்களையும் ஒருங்கே காணும் தமிழ் ஆய்வாளர் ஒருவர் மாநாட்டிற்கு என்ன எழுதி அனுப்புவார்? பின்வருவது நாமே எடுத்துக்காட்டாக அமைத்துக்கொண்டது, எவரையும் சுட்டுவதன்று. ஆயினும் இத்தகைய இதழ்களைத் தொடர்ந்து படிப்போருக்கு இதன் சாயல் புதியதாக இராது.

தலைப்பு: "பொம்பரிப்பும் தமிழர் தொன்மையும்: ஓர் ஆய்வு." சுருக்கம்: "ஈழத்தில் தமிழரின் வரலாறு மிகத் தொன்மையானது. இவ்வரலாறு பற்றிப் பல்வேறு அறிஞர்கள் பல்வேறு கருத்துக்களைக் கூறியுள்ளனர். தொல்லியற் சான்றுகள் இவ்வகையில் முக்கியத்துவம் பெறுகின்றன. புத்தளம் மாவட்டத்தில் உள்ள பொம்பரிப்பு இத்தகைய சான்றுகளைக் கொண்ட ஓர் இடமாகும். இவ்வாய்வு பொம்பரிப்பின் சான்றுகளைப் பல்வேறு கோணங்களில் ஆராய்ந்து, ஆதிச்சநல்லூருடன் ஒப்பிட்டு, தமிழரின் தொன்மையை நிறுவ முயல்கின்றது. முடிவுகள் விரிவாக எடுத்துரைக்கப்படும்."

இலக்கணப் பிழை எதுவும் இதில் இல்லை. எந்த மாநாட்டுக் குழுவும் இதனை ஏற்றுக்கொள்ளவும் கூடும். இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. இருபது நிமிடம் ஒதுக்கப்பட்ட அரங்கில் வினாக்களுக்கு ஐந்து நிமிடம் போக எஞ்சுவது பதினைந்து நிமிடமே. இவ்வாய்வாளரின் கையில் உள்ளவை 1970 அகழ்வின் அறிக்கையும் ரேயின் பட்டியலும் மட்டும் என வைத்துக்கொள்வோம். அவர் உண்மையிற் செய்தது இரு தலத்துக் கலங்களின் வடிவங்களை அருகருகே வைத்து ஒப்பிட்டமையே. அவர் பேசும்போது தலத்தின் அமைவிடத்திற்கும் அகழ்வு வரலாற்றிற்கும் நான்கு நிமிடம் செல்லும். கலங்களின் வடிவங்களுக்கு ஆறு நிமிடம், ஒப்பீட்டிற்கு நான்கு நிமிடம் செல்லும். எஞ்சிய ஒரு நிமிடத்தில் "இவற்றால் தமிழரின் தொன்மை புலனாகின்றது" என்று கூறி அமர்வார். தலைப்பின் சரிபாதி அந்த ஒரு நிமிடத்திற்கே உரியது. பத்து நிமிடத்திற்கு உரிய கலங்களோ தலைப்பில் இடம்பெறவே இல்லை.

இங்கு ஒரு சோதனை கைகொடுக்கும். தலைப்பிலுள்ள பெயர்ச்சொற்கள் ஒவ்வொன்றின் கீழும் கோடிட்டு, உரையில் அச்சொல்லுக்கு எத்தனை நிமிடம் உண்டு என எழுதிப் பார்த்தல் வேண்டும். இரண்டு நிமிடமேனும் பெறாத சொல் தலைப்பில் இருத்தற்கு உரியதன்று. மறுதலையாக, ஐந்து நிமிடத்திற்கு மேல் பேசப்படும் பொருள் தலைப்பில் இல்லாவிடின் அதுவும் குறையே. உரையை முழுமையாக எழுதி முடிக்காத நிலையிலும், உள்ளடக்கத்தை ஐந்தாறு வரியிற் குறித்துக்கொண்டாலே இச்சோதனையைச் செய்யலாம். எழுத்து நடையிற் படிக்கப்படும் தமிழுரை பதினைந்து நிமிடத்தில் ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு சொற்களுக்கு மேற் செல்வது அரிது. அவ்வளவிற்குள் ஒரு கருத்தைச் சான்றுகாட்டி நிலைநிறுத்தலாம். இரண்டாவதற்கு இடம் இராது.

"பொம்பரிப்பும் தமிழர் தொன்மையும்" என்னும் தொடரின் அமைப்பையும் இவ்விடத்தில் நோக்குதல் வேண்டும். இரண்டு பெயர்களை உம்மையால் இணைத்துத் தலைப்பாக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. உம்மை இரண்டையும் ஒருங்கே வைக்குமேயன்றி அவற்றிற்கு இடையிலுள்ள உறவைக் கூறாது. பொம்பரிப்பு தமிழர் தொன்மைக்குச் சான்றா, அன்றி அது சான்றாகாது என்பதே உரையா, அன்றித் தமிழர் தொன்மை பற்றிய நூல்கள் பொம்பரிப்பை எவ்வாறு கையாண்டன என்பது பொருளா? மூன்றிற்கும் இத்தலைப்புப் பொருந்தும். உறவு இன்னதென ஆய்வாளர் தீர்மானிக்காத நிலையில் உம்மை அவருக்குப் புகலிடமாகின்றது. கேட்பவரோ தாம் விரும்பும் உறவை அதனுள் நிரப்பிக்கொள்கின்றார். பொம்பரிப்பைப் பொறுத்தவரை அவர் எதனை நிரப்புவார் என்பது ஐயத்திற்குரியதன்று. இந்நாட்டிற் குடியேற்றத்தின் முன்பின் பற்றிய வினா அரசியல் வினாவாகவும் இருப்பதனால், ஒரு தரப்பார் மகிழ்ச்சியோடும் மறுதரப்பார் சினத்தோடும் அரங்கிற்கு வருவர். இருவருக்கும் கிடைக்கப்போவது கலங்களின் விளிம்பமைப்பே.

"ஓர் ஆய்வு" என்னும் பின்னொட்டைப் பற்றி மிகுதியாகக் கூறவேண்டியதில்லை. ஆய்வு மாநாட்டில் வாசிக்கப்படுவது ஆய்வு என்பது தெரிந்ததே.

இனிச் சுருக்கத்திற்கு வருவோம். நன்னூலார் நூலுக்கு ஆகாதன எனத் தொகுத்துரைக்கும் பத்துக் குற்றங்களுள் இரண்டு இங்கு நினைக்கத்தக்கன. ஒன்று மற்றொன்று விரித்தல். மற்றையது சென்று தேய்ந்து இறுதல். மேற்கண்ட சுருக்கத்தில் ஆறு வாக்கியங்கள் உள்ளன. முதல் மூன்றும் பொம்பரிப்பைக் குறிப்பிடவேயில்லை, மற்றொன்றை விரிக்கின்றன. நான்காவது அத்தலம் இருப்பதை அறிவிக்கின்றது. ஐந்தாவதே ஆய்வாளர் செய்ததைச் சொல்லத் தொடங்குகின்றது. அதுவும் "பல்வேறு கோணங்களில்" என்று தேய்கின்றது. ஆறாவது, முடிவுகள் எடுத்துரைக்கப்படும் என்னும் வாக்கோடு இறுகின்றது. முடிவுகள் எவை என்பதற்காகவே சுருக்கத்தைப் படித்தவருக்கு அவை உண்டு என்னும் செய்தி மட்டுமே கிட்டுகின்றது.

வினைச்சொற்களிலும் ஓர் அளவு உண்டு. விவரித்தல், ஒப்பிடுதல், விளக்குதல், நிறுவுதல் என்பன படிப்படியாக உயரும் கடன்கள். விவரிப்பதற்குப் பொருளைக் கண்டிருத்தல் போதும். ஒப்பிடுவதற்கு இருபுறமும் ஒத்த தரவு வேண்டும். விளக்குவதற்கு ஒற்றுமை ஏன் நேர்ந்தது என்னும் காரணமும், பிற காரணங்கள் ஏன் பொருந்தா என்பதும் வேண்டும். நிறுவுவதற்கு மாற்றுக் கருத்துடையாரின் சான்றுகளையும் எதிர்கொண்டிருத்தல் வேண்டும். "நிறுவ முயல்கின்றது" என்னும் தொடர் மிக உயர்ந்த கடனை ஏற்றுக்கொண்டு, "முயல்கின்றது" என்பதால் அதனைத் திருப்பிச் செலுத்தாமைக்கும் வழி வைத்துக்கொள்கின்றது. இவ்வாய்வாளர் உண்மையிற் செய்தது ஒப்பீடு. அச்சொல்லோடு நிற்பதில் அவருக்கு எவ்வித இழுக்கும் இல்லை.

சான்றின் எல்லையையும் சற்று ஆராய்தல் தகும். தாழியில் அடக்கஞ் செய்தமையும் கறுப்புச் சிவப்பு மட்பாண்டமும் இருகரைக்கும் பொதுவானவை என்பது ஏற்கெனவே பலராற் கூறப்பட்டதாகும். ஆயினும் ஆதிச்சநல்லூரில் ரே பட்டியலிட்ட பொன் நெற்றிப்பட்டங்களுக்கும் விலங்குருவங்கள் பொருந்திய வெண்கல மூடிகளுக்கும் நிகரானவை பொம்பரிப்பில் வெளிப்படவில்லை. ரேயின் காலத்து அகழ்முறையோ பெக்லியின் காலத்து முறையன்று. ஆகையால் வடிவங்களை ஒப்பிடலாமேயன்றி அப்பட்டியலை மட்டும் கொண்டு காலத்தை ஒப்பிடுதல் இயலாது. இவற்றிற்கு மேலாக, தாழி தன்னுள் அடக்கப்பட்டவர் பேசிய மொழியைக் கூறுவதில்லை. எலும்பிலிருந்து இனத்தை அறியலாம் என எண்ணுவோரும் உளர். கென்னத் கென்னடி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கிடைத்த பெருங்கற்கால எலும்புகளை ஆராய்ந்து 1975இல் வெளியிட்ட நூல், அம்மக்கள் அனைவரும் ஒரே உடலமைப்பினர் என்னும் கருத்திற்கு இடந்தரவில்லை. ஆகவே "தமிழர்" என்னும் சொல்லைத் தலைப்பில் இடுபவர் தம் கையில் உள்ள இரு நூல்களுக்கும் அப்பாற்பட்ட சான்றைக் கொண்டுவருவதாக வாக்களிக்கின்றார்.

அப்படியாயின் தலைப்பு எங்ஙனம் அமைதல் வேண்டும்? 1970 அகழ்வின் அறிக்கையே இதற்கு நல்ல முன்மாதிரி. பெக்லி, லூகாக்ஸ், கென்னடி ஆகிய மூவரும் அதனை 1981இல் "ஏன்சியன்ற் சிலோன்" இதழின் நான்காவது இலக்கத்தில் வெளியிட்டனர். அதன் ஆங்கிலத் தலைப்பைத் தமிழிற் கூறுவதாயின் "பொம்பரிப்பில் இரும்புக்கால அடக்கங்களின் அகழ்வுகள், 1970" என்பதாகும். செயல், பொருள், காலம், இடம், ஆண்டு ஆகிய ஐந்தும் அதில் உள. ஆறாவதாக எதுவும் இல்லை. வறண்ட தலைப்பு என்று சிலர் கூறக்கூடும். ஆனால் அதனைப் படித்து அறிக்கையைத் தேடிச் செல்பவர் எவரும் ஏமாற்றமடைவதில்லை.

கண்டுபிடிப்பையும் தலைப்பிலேயே கூறிவிடும் முறையும் உண்டு. அது பெரிதும் வரவேற்கத்தக்கது. ஸ்ரீவன் பொன்ரா 2008இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பு இரு பகுதிகளை உடையது. முற்பகுதி நீர்கொழும்பு மீனவர் தமிழ் என்று கூறுகின்றது. பிற்பகுதி, திராவிடக் கிளைமொழி ஒன்றில் இந்தோ-ஆரியத் தொடர்பால் நேர்ந்த மாற்றத்துக்கு அஃது ஓர் எடுத்துக்காட்டு என்கின்றது. யாருடைய மொழி, எவ்வூரினது என்பதை முற்பகுதியும், அதிற் காணப்பட்டது யாது என்பதைப் பிற்பகுதியும் தெரிவிக்கின்றன. "மேற்குக் கரையோரத் தமிழ்" என்று அவர் எழுதியிருப்பாராயின் நிலைமை வேறாகியிருக்கும். நீர்கொழும்பிற்கு வடக்கே செல்லச் செல்ல உடப்பின் இந்து மீனவர் பேச்சு, கற்பிட்டி, புத்தளம் முஸ்லிம்களின் பேச்சு, சிலாபத்தை அண்டிய ஊர்களிற் சிங்களமும் தமிழும் கலந்து வழங்கும் கத்தோலிக்கரின் பேச்சு எனப் பல உள. ஒன்றிற் பெற்ற தரவைக்கொண்டு கரை முழுவதையும் தலைப்பில் இடுதல் மற்றையோருக்கு இழைக்கும் அநீதியாகும். உடப்பில் மட்டும் தரவு சேகரித்தவர் "புத்தளம் மாவட்டத் தமிழ்" என எழுதுவது நம்மிடையே இயல்பாக நிகழக்கூடியது. அத்தலைப்பை நம்பிக் கற்பிட்டியிலிருந்து பேருந்தில் வரும் ஆசிரியர் தம் ஊர்ப் பேச்சைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமலே திரும்பிச் செல்வார்.

தலைப்புச் சான்றை மிஞ்சுவது ஒரு குற்றமாயின், முடிவை மறைப்பது இன்னொரு குற்றம். சேர். பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் வாசித்த ஆய்வுரை இதற்குத் தக்க சான்று. இலங்கைச் சோனகரின் இனவியல் என்பதே அதன் தலைப்பின் பொருள். ஓர் இனத்தவரைப் பற்றிய நடுநிலையான விவரணம் வரப்போவதாகவே எவரும் எதிர்பார்ப்பர். உரையோ மொழி, வழக்கங்கள், உடலமைப்பு முதலியவற்றைக் காட்டி, சோனகர் இனத்தால் தமிழரே என்னும் ஒரே முடிவை நோக்கிச் செல்கின்றது. சட்டநிரூபண சபையிற் சோனகருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்னும் பேச்சு எழுந்திருந்த காலம் அது. தமிழ் பேசுவோரின் பிரதிநிதியாக அச்சபையில் அமர்ந்திருந்தவர் இராமநாதன். அம்முடிவு சரியா தவறா என்பது இங்கு நம் ஆராய்ச்சிக்குரியதன்று. தலைப்பு அம்முடிவைக் கூறியிருக்குமாயின் எதிர்க்கருத்தினர் ஆயத்தத்தோடு வந்து அன்றே விவாதித்திருக்க இயலும். ஐ. எல். எம். அப்துல் அசீஸ் எழுதிய மறுப்பு 1907இலேயே நூலாக வெளிவந்தது. அதன் தலைப்பு யாருடைய எந்த உரைக்கு மறுப்பு என்பதை ஒளிவின்றிக் கூறுகின்றது. இருவர் நூல்களையும் தலைப்பளவில் மட்டும் ஒப்பிட்டால் அசீசின் நேர்மை மேலோங்கி நிற்கின்றது எனக் கூறத் தயங்கவேண்டியதில்லை.

பொம்பரிப்பு உரைக்கு மீள்வோம். முன்னர்க் கண்ட ஆய்வாளர் அதே தரவைக் கொண்டு பின்வருமாறு எழுதியிருக்கலாம்.

தலைப்பு: "பொம்பரிப்பிலும் ஆதிச்சநல்லூரிலும் ஈமக் கலங்களின் வடிவ ஒற்றுமை: 1970 அகழ்வறிக்கையையும் ரேயின் பட்டியலையும் கொண்டு ஓர் ஒப்பீடு." சுருக்கம்: "மன்னார்க் குடாவின் இருகரையிலும் உள்ள தாழிக்காடுகள் ஒத்தவை எனப் பொதுவாகக் கூறப்படுகின்றது. அவ்வொற்றுமை எவ்வெவற்றில் உண்டு, எவ்வெவற்றில் இல்லை என்பதை இவ்வுரை வரையறுக்கின்றது. அச்சேறிய இரு வெளியீடுகளிலுள்ள கலங்கள் வாய், விளிம்பு, அடி ஆகிய மூன்று கூறுகளால் வகைப்படுத்தப்பட்டு ஒப்பிடப்படுகின்றன. மூலப்பொருள்கள் நேரிற் பார்வையிடப்படவில்லை. தாழி அடக்கமும் கறுப்புச் சிவப்பு மட்பாண்டமும் இருதலத்திற்கும் பொதுவாயினும், ஆதிச்சநல்லூரின் பொன், வெண்கலப் படைப்புக்களுக்கு நிகரானவை பொம்பரிப்பில் இல்லை. எனவே ஒற்றுமை அடக்க வழக்கத்தளவில் வலிதாகவும் ஈமப் பொருள்களளவில் மெலிதாகவும் உள்ளதென்பது இவ்வுரையின் கருத்து. ரேயின் பட்டியலை மட்டும் கொண்டு காலத்தை ஒப்பிட இயலாமையால் இருதலங்களின் முன்பின் பற்றி எதுவும் கூறப்படாது. அடக்கஞ் செய்தோரின் மொழி பற்றியும் கூறப்படாது."

தலைப்பில் இங்கும் உம்மை உண்டு. ஆனால் "வடிவ ஒற்றுமை" என்பது உறவை வெளிப்படையாகக் கூறிவிடுவதால் அது தீங்கற்றதாகின்றது. தலைப்பின் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் பதினைந்து நிமிடத்தில் தனக்குரிய பங்கைப் பெறுகின்றது. மூலப்பொருள்கள் பார்வையிடப்படவில்லை என்னும் வாக்கியத்தை எழுத ஆய்வாளர் பலர் அஞ்சுவர். குழுவினர் உரையைத் தள்ளிவிடுவர் என எண்ணுவர். சில வேளைகளில் அவ்வாறு நேரவும் கூடும். ஆனால் அதனை எழுதாமல் அரங்கேறியவரை நோக்கி "எந்த நூதனசாலையிற் பார்த்தீர்கள்?" என்பதே முதல் வினாவாக எழும். வினாவுக்குரிய ஐந்து நிமிடமும் அதிலேயே கழியும். இறுதி இரு வாக்கியங்களின் மறுப்புக்களும் அவ்வகையினவே. மொழி பற்றிய விவாதத்தை எதிர்பார்ப்பவர் அதற்குரிய வேறோர் அரங்கைத் தேடிச் செல்லலாம். கலவடிவங்களில் ஈடுபாடுடையவர் இங்கு வருவர்.

இவ்வாறு எழுதுவதற்கு ஒரு தடை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். சுருக்கங்கள் மாநாட்டிற்குப் பல மாதங்கள் முன்னரே கோரப்படுகின்றன. அப்போது ஒப்பீடு முடிந்திராது. முடியாததை முடிந்ததாக எழுதுவது பொய். முடிவே கூறாதிருப்பது வெறுமை. இவற்றிற்கு இடைப்பட்ட வழி, முடிந்த பகுதியின் அளவைக் கூறி அதுவரை தெரிந்ததை மட்டும் எழுதுதலாகும். தாழிகளின் வகைப்பாடு முடிந்து சிறுகலங்களின் வகைப்பாடு எஞ்சியிருப்பின், தலைப்பைத் தாழிகளுக்கு மட்டும் உரியதாக்கிவிடலாம். சிறுகலங்களும் உரைக்கு முன் முடிந்துவிட்டால் கேட்போருக்கு அது மிகையாகக் கிடைத்த பயனாகும்; அதனால் முறைப்படுவார் இலர். மாறாகச் சிறுகலங்களைத் தலைப்பிற் சேர்த்துவிட்டு அவற்றை முடிக்க இயலாது போயின், உரையின் முதல் மூன்று நிமிடம் மன்னிப்புக் கோருவதிற் செல்லும்.

இன்னொரு நிலைமையும் நேரக்கூடும். ஒப்பீட்டை முடித்த பின்னர் முடிவு சுருக்கத்திற் கூறியதற்கு மாறாக அமைந்துவிடலாம். சுருக்கத்தைக் காப்பதற்காக முடிவை வளைப்பதே இதிற் கொடியது. கூறியதற்கு மாறாக முன்னறிவிப்பின்றிப் பேசுவது அடுத்தது. நிகழ்ச்சி நிரல் அச்சேறுவதற்கு முன்னராயின் அமைப்பாளருக்கு எழுதித் தலைப்பையும் சுருக்கத்தையும் மாற்றுமாறு கேட்கலாம். பெரும்பாலான குழுக்கள் இதற்கு மறுப்பதில்லை. அச்சேறிய பின்னராயின் அரங்கத் தலைவரிடம் திருத்திய தலைப்பை எழுதிக் கொடுத்து, உரையை அறிமுகஞ் செய்யும்போதே அதனை வாசிக்குமாறு வேண்டிக்கொள்ளலாம். மாநாட்டு மலரில் இடம்பெறும் கட்டுரைக்குத் திருத்திய தலைப்பையே இடல் வேண்டும். சில ஆண்டுகள் கழித்து நூலகத்தில் அம்மலரைப் புரட்டுபவருக்குச் சுருக்கத் தொகுப்பு கிட்டாமற் போகலாம். மலரின் பொருளடக்கமே அவர் கையில் இருக்கும்.